ஒரே அலகில் கணக்கிடுவோம்: கனச்செவ்வகம், உருளை, கூம்பு ஆகியவற்றின் கன அளவும் புறப்பரப்பும்

ஒரு கனச்செவ்வகத் தொட்டியின் உட்புற நீளம் 1.2 மீட்டர், அகலம் 80 சென்டிமீட்டர், உயரம் 500 மில்லிமீட்டர் என்று ஒரு வரைபடத்தில் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதில் எத்தனை லிட்டர் நீர் பிடிக்கும் என்று கண்டறிய, நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். 1.2, 80, 500 ஆகிய மூன்று எண்களையும் அப்படியே பெருக்கினால் 48,000 கிடைக்கிறது. இதனைக் கன சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, 1,000 கன செ.மீ. ஒரு லிட்டர் என்பதால் 48 லிட்டர் என்று எழுதிவிடலாம். விடை பார்வைக்கு நம்பத்தக்கதாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டியில் உண்மையில் 480 லிட்டர் நீர் பிடிக்கும்.

இங்கே சூத்திரமும் சரி, பெருக்கலும் சரி. ஆனால் 48,000 என்ற எண்ணுக்கு உரிய அலகு கன செ.மீ. அன்று. மீட்டரையும் சென்டிமீட்டரையும் மில்லிமீட்டரையும் பெருக்கியதால், ஒரு மீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உடைய மெல்லிய பட்டைகள் எத்தனை அந்தத் தொட்டிக்குள் அடங்கும் என்பதையே நாம் எண்ணியிருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு பட்டையின் கன அளவு 100 × 1 × 0.1, அதாவது 10 கன செ.மீ. ஆகவே 48,000 பட்டைகள் சேர்ந்து 4,80,000 கன செ.மீ. ஆகின்றன. பெருக்கலின் விடை பொய் சொல்லவில்லை. அது எதை எண்ணுகிறது என்பதைத்தான் நாம் தவறாகப் படித்தோம்.

கன அளவு, பரப்பு ஆகிய சொற்களின் பொருளே இந்த எண்ணுதலில்தான் இருக்கிறது. ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தை நிரப்ப, ஓர் அலகு பக்கமுள்ள கனசதுரங்கள் எத்தனை வேண்டும் என்பது அதன் கன அளவு. அதன் வெளிப்பக்கத்தை முழுவதும் மூட, ஓர் அலகு பக்கமுள்ள சதுரங்கள் எத்தனை வேண்டும் என்பது அதன் புறப்பரப்பு. கனசதுரம் என்றால் மூன்று பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதனால்தான் பெருக்கலைத் தொடங்குவதற்கு முன்பே எல்லா நீளங்களையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மேற்கண்ட தொட்டியைச் சென்டிமீட்டரில் எழுதினால் 120 × 80 × 50 = 4,80,000 கன செ.மீ.; மீட்டரில் எழுதினால் 1.2 × 0.8 × 0.5 = 0.48 கன மீட்டர். பத்து சென்டிமீட்டராகிய டெசிமீட்டரில் எழுதினால் 12 × 8 × 5 = 480 என்று லிட்டர் கணக்கு நேரடியாகவே வந்துவிடுகிறது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் கன அளவே ஒரு லிட்டர் என்பது இதற்குக் காரணம். (லிட்டர் எப்போதும் இவ்வளவு எளிமையாக இருந்ததில்லை. 1901 முதல் 1964 வரை அது ஒரு கிலோகிராம் நீரின் கன அளவாக வரையறுக்கப்பட்டிருந்ததால், ஒரு கன டெசிமீட்டரைவிட மிக நுண்ணிய அளவில் மாறுபட்டிருந்தது.)

அலகை மாற்றும்போது எண் எத்தனை மடங்கு மாறும்?

ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்று மனத்தில் பதிந்திருப்பதால், சதுர மீட்டரையும் கன மீட்டரையும் மாற்றும்போதும் நூறால் பெருக்கிவிடுவது தொடக்கநிலையில் மிகவும் இயல்பாக நிகழ்வது. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைத் தாளில் வரைந்து பார்த்தால் உண்மை தெளிவாகிவிடும். அதன் ஒரு விளிம்பை ஒட்டி ஒரு செ.மீ. பக்கமுள்ள 100 சதுரங்கள் அடங்கும். அதுபோல 100 வரிசைகள் வைத்தால்தான் முழுச் சதுரமும் நிறையும். எனவே ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ. இதே தளத்தின் மேல் ஒரு செ.மீ. உயரமுள்ள அடுக்குகள் 100 வைத்தால் ஒரு கன மீட்டர் ஆகும். அதற்கு 10,00,000 கன செ.மீ. தேவைப்படும். நீளத்துக்கு 100 மடங்கு என்றால் பரப்புக்கு 100-இன் வர்க்கம், கன அளவுக்கு 100-இன் கனம். சென்டிமீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்குச் செல்லும்போது இதுவே 10, 100, 1,000 என்று அமையும்.

இதனால் ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. விடையைக் கண்ட பிறகு பரப்பையும் கன அளவையும் மாற்றுவதைவிட, கணக்கைத் தொடங்கும்போதே நீளங்களை மாற்றிக்கொள்வது நல்லது. நீளத்தை மாற்றும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு காரணிதான். பிழை நேர்ந்தாலும் உடனே கண்ணுக்குப் படும். ஒரு தொட்டியின் நீளம் 12,000 செ.மீ. என்று எழுதிவிட்டால் எவருக்கும் ஐயம் தோன்றும். ஆனால் 48,000 கன செ.மீ. சரியா, 4,80,000 கன செ.மீ. சரியா என்பதைக் கண்ணால் உணர்வது எளிதன்று.

கனச்செவ்வகத்தின் புறப்பரப்பில் கேட்க வேண்டிய கேள்வி

கனச்செவ்வகத்துக்கு ஆறு முகங்கள் உண்டு, எதிரெதிரானவை சமமானவை. நீளம் l, அகலம் b, உயரம் h எனில், மொத்தப் புறப்பரப்பு 2(lb + bh + hl). நம் தொட்டிக்கு இது 2(9,600 + 4,000 + 6,000) = 39,200 சதுர செ.மீ., அதாவது 3.92 சதுர மீட்டர். ஆனால் சூத்திரத்தில் எண்களை இடுவதற்கு முன், கணக்கில் கேட்கப்படுவது எந்தெந்த முகங்கள் என்று பார்க்க வேண்டும். மேல்புறம் திறந்த தொட்டியின் உட்புறத்துக்கு வண்ணம் பூச வேண்டுமானால் மேல்முகம் இல்லை. 39,200-லிருந்து 9,600-ஐக் கழிக்க, 29,600 சதுர செ.மீ. மட்டுமே பூச வேண்டியது. நான்கு பக்கச் சுவர்கள் மட்டும் என்றால் 2h(l + b), அதாவது 20,000 சதுர செ.மீ.

பக்கச் சுவர்களுக்குரிய இந்த வடிவத்தைச் சற்று நின்று கவனிப்பது நல்லது. 2(l + b) என்பது அடிப்பக்கத்தின் சுற்றளவு. நான்கு சுவர்களையும் ஒரு மூலையில் பிரித்து விரித்தால், சுற்றளவை நீளமாகவும் h-ஐ உயரமாகவும் கொண்ட ஒரே செவ்வகம் கிடைக்கிறது. ஆகவே பக்கப் பரப்பு என்பது சுற்றளவு × உயரம். கன அளவையும் இதே முறையில் அடிப்பரப்பு × உயரம் என்று கூறலாம். இந்த இரண்டு கூற்றுகளையும் கையில் வைத்துக்கொண்டால், உருளைக்குப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியது ஏதும் இல்லை.

உருளை

நேர்வட்ட உருளையின் அடிப்பக்கம் r ஆரமுள்ள வட்டம். வட்டத்தின் பரப்பு πr², சுற்றளவு 2πr. எனவே உருளையின் கன அளவு πr²h. அதன் வளைபரப்பு 2πrh. வளைபரப்பை உயரத்தின் வழியே வெட்டி விரித்தால் 2πr நீளமும் h உயரமும் உள்ள செவ்வகம் வருகிறது என்பதைத் தாளைச் சுருட்டிப் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம். இரு பக்கமும் மூடிய உருளை என்றால் இரண்டு வட்டங்களைச் சேர்த்து 2πrh + 2πr². ஒரு பக்கம் திறந்திருந்தால் ஒரு வட்டம் மட்டும். இரு பக்கமும் திறந்த குழாய் என்றால் வளைபரப்பு மட்டும்.

உருளையில் அலகைவிட அதிகமாகப் பிழை நேர்வது ஆரத்துக்கும் விட்டத்துக்கும் இடையே. அளவுநாடாவால் அளக்கும்போது நமக்குக் கிடைப்பது விட்டம். வரைபடங்களிலும் பெரும்பாலும் விட்டமே குறிக்கப்படும். சூத்திரமோ ஆரத்தைக் கேட்கிறது. விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொண்டால் வளைபரப்பு இரு மடங்காகவும் கன அளவு நான்கு மடங்காகவும் பெருகிவிடும். இதனைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. உருளை சரியாகப் பொருந்தும் ஒரு கனச்செவ்வகப் பெட்டியை மனத்தில் அமைத்துக்கொள்ளுங்கள்: அதன் நீளமும் அகலமும் உருளையின் விட்டம், உயரம் உருளையின் உயரம். உருளை அந்தப் பெட்டியின் π/4 பங்கை, அதாவது சுமார் 78.5 விழுக்காட்டை மட்டுமே நிரப்பும். விடை பெட்டியின் கன அளவைத் தாண்டினால் எங்கோ தவறு இருக்கிறது.

கூம்பும் அதன் இரண்டு உயரங்களும்

கூம்பு, உருளையைப் போல் ஒரே சீராக மேலே செல்வதில்லை என்பதால் இங்கே அடிப்பரப்பு × உயரம் பொருந்தாது. அதே அடியும் அதே உயரமும் உடைய உருளையின் கன அளவில் சரியாக மூன்றில் ஒரு பங்கே கூம்பின் கன அளவு: ⅓πr²h. இந்த உண்மையை முதலில் கூறியவர் டெமாக்ரிடஸ் என்றும், முதலில் நிறுவியவர் யூடாக்சஸ் என்றும் ஆர்க்கிமிடிஸ் எழுதியிருக்கிறார். மூன்று என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கனசதுரத்தைக் கொண்டு உணரலாம். கனசதுரத்தின் ஒரு மூலையை உச்சியாகவும், அந்த மூலையைத் தொடாத மூன்று முகங்களை அடிகளாகவும் கொண்டால், கனசதுரம் ஒன்றுபோலிருக்கும் மூன்று கூர்வடிவங்களாக மிச்சமின்றிப் பிரிகிறது. ஆகவே ஒவ்வொன்றின் கன அளவும் கனசதுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இனி, அடி சதுரமாக இருந்தாலும் வட்டமாக இருந்தாலும், உச்சியிலிருந்து பாதித் தொலைவில் கிடைமட்டமாக வெட்டினால் கிடைக்கும் பரப்பு அடிப்பரப்பில் கால் பங்கு. மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் வெட்டினால் ஒன்பதில் ஒரு பங்கு. எல்லா மட்டத்திலும் வெட்டுப்பரப்புகள் இப்படி ஒரே விகிதத்தில் சுருங்குவதால், சதுர அடிக்குக் கிடைத்த அதே மூன்றில் ஒரு பங்கு வட்ட அடிக்கும் பொருந்துகிறது.

கூம்பில் குழப்பம் தருவது உயரம் என்ற சொல். உச்சியிலிருந்து அடிவட்டத்தின் மையம் வரை செங்குத்தாக அளப்பது உயரம் h. உச்சியிலிருந்து அடிவட்டத்தின் விளிம்பு வரை சாய்ந்த பரப்பின் மேல் அளப்பது சாயுயரம் l. (கனச்செவ்வகத்தின் நீளத்துக்கும் இதே எழுத்து வழங்குவதால், கலந்த கணக்குகளில் எதனை எதற்கு வைத்தோம் என்று முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.) ஆரமும் உயரமும் செங்கோணத்தில் சந்திப்பதால் பிதாகரஸ் தேற்றப்படி l² = r² + h². கன அளவுக்குத் தேவைப்படுவது h. வளைபரப்புக்குத் தேவைப்படுவது l.

வளைபரப்பைக் கண்டறியவும் விரித்துப் பார்ப்பதே வழி. கூம்பைச் சாயுயரத்தின் வழியே வெட்டி விரித்தால் அது ஒரு வட்டகோணப்பகுதியாக அமையும். அந்தப் பகுதியின் ஆரம் கூம்பின் சாயுயரமாகிய l. அதன் வில்லின் நீளம், கூம்பின் அடிவட்டச் சுற்றளவாகிய 2πr. வட்டகோணப்பகுதியின் பரப்பு, வில்லின் நீளத்தையும் ஆரத்தையும் பெருக்கிப் பாதியாக்குவது என்பதால், ½ × 2πr × l = πrl. தகட்டிலோ தாளிலோ கூம்பு செய்ய வேண்டுமானால் வெட்ட வேண்டிய கோணமும் இதிலிருந்தே கிடைக்கும்: 360° × r/l.

ஒரு கொள்கலனை முழுமையாகக் கணக்கிடுவோம்

தொடக்கத்தில் கண்ட தொட்டி நிறைய இருக்கும் நீரை, மேற்பகுதி உருளையாகவும் அடிப்பகுதி தலைகீழான கூம்பாகவும் அமைந்த ஒரு கொள்கலனுக்கு மாற்ற வேண்டும் என்று கொள்வோம். கொள்கலனின் உள்விட்டம் 0.8 மீட்டர், உருளைப் பகுதியின் உயரம் 90 செ.மீ.; கூம்புப் பகுதியின் ஆழம் 300 மி.மீ.; தகட்டின் தடிமன் 2 மி.மீ. நீர் முழுவதும் கொள்ளுமா, கொண்டால் எந்த மட்டம் வரை நிற்கும், அந்தக் கொள்கலனைச் செய்ய எவ்வளவு தகடு வேண்டும், அது எவ்வளவு எடை இருக்கும் என்பவை நம் கேள்விகள்.

முதல் வேலை எல்லா நீளங்களையும் சென்டிமீட்டருக்கு மாற்றி ஓர் ஓரத்தில் எழுதுவது. விட்டம் 80, ஆகவே ஆரம் r = 40. உருளையின் உயரம் 90. கூம்பின் ஆழம் 30. தகட்டின் தடிமன் 0.2. சாயுயரம், 40² + 30² = 2,500 என்பதன் வர்க்கமூலம், அதாவது 50. இனி இந்த ஐந்து எண்களைத் தவிர மூல வரைபடத்தின் எண்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இரு பகுதிகளுக்கும் பொதுவான அடிப்பரப்பு π × 1,600, அதாவது சுமார் 5,026.5 சதுர செ.மீ. உருளையின் கன அளவு இதனை 90-ஆல் பெருக்கினால் சுமார் 4,52,390 கன செ.மீ.; கூம்பின் கன அளவு இதனை 30-ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் சுமார் 50,265 கன செ.மீ. இரண்டும் சேர்ந்து 5,02,655 கன செ.மீ., ஏறத்தாழ 502.7 லிட்டர். தொட்டியின் 480 லிட்டர் இதில் அடங்கும். உருளைப் பகுதியைப் பெட்டிச் சோதனைக்கு உட்படுத்தினால், 80 × 80 × 90 = 5,76,000 கன செ.மீ. கொண்ட பெட்டியில் 4,52,390 என்பது 78.5 விழுக்காடு, கணக்கு பொருந்துகிறது.

நீர்மட்டத்தைக் காண ஓர் அழகான சுருக்கவழி உண்டு. 30 செ.மீ. ஆழமுள்ள கூம்பில் பிடிக்கும் நீர், அதே விட்டமுள்ள உருளையில் 10 செ.மீ. உயரத்துக்குத்தான் நிற்கும். 4,80,000 கன செ.மீ. நீரை 5,026.5 சதுர செ.மீ. அடிப்பரப்பால் வகுத்தால் 95.5 செ.மீ. வருகிறது, இது கூம்பே இல்லாத வெற்று உருளையில் நீர் நிற்கும் உயரம். அதிலிருந்து கூம்பு எடுத்துக்கொண்ட 10 செ.மீ.யைக் கழித்தால், கூம்புக்கு மேலே உருளைப் பகுதியில் நீர் 85.5 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். விளிம்புக்குக் கீழே 4.5 செ.மீ. இடைவெளி மிஞ்சுகிறது. கன அளவைப் பரப்பால் வகுத்தபோது நீளம் கிடைத்ததைக் கவனியுங்கள், கன செ.மீ.யைச் சதுர செ.மீ.யால் வகுக்கச் செ.மீ. வருவது கணக்கு முறையாகச் செல்கிறது என்பதற்குச் சான்று.

தகடும் அதன் எடையும்

கொள்கலன் மேலே திறந்தது என்று கொள்வோம். உருளைக்கும் கூம்புக்கும் இடையே தடுப்பு ஏதும் இல்லாததால், அவை சேரும் இடத்திலுள்ள வட்டத்தைச் சேர்க்கக் கூடாது. உருளையின் மொத்தப் புறப்பரப்பையும் கூம்பின் மொத்தப் புறப்பரப்பையும் தனித்தனியே கண்டு கூட்டிவிடுவது இவ்வகைக் கணக்குகளில் அடிக்கடி நேரும் பிழை. அப்படிச் செய்தால் இல்லாத மூன்று வட்டங்கள் கணக்கில் நுழைந்துவிடுகின்றன. நமக்குத் தேவை இரண்டு வளைபரப்புகள் மட்டுமே. உருளைக்கு 2π × 40 × 90 = 7,200π; கூம்புக்கு π × 40 × 50 = 2,000π. கூடுதல் 9,200π, அதாவது சுமார் 28,903 சதுர செ.மீ. அல்லது 2.89 சதுர மீட்டர். கூம்புக்கான தகட்டை 50 செ.மீ. ஆரமுள்ள வட்டத்திலிருந்து 360° × 40/50 = 288° கோணத்துக்கு வெட்ட வேண்டும்; 72° பகுதி கழிவாகிறது. தகட்டின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி இணைப்பதானால் அதற்குரிய கூடுதல் அகலத்தைத் தனியே சேர்க்க வேண்டும். சூத்திரம் அதனைக் கூறாது.

இங்கே சாயுயரத்துக்குப் பதிலாகச் செங்குத்து உயரத்தை இட்டிருந்தால் கூம்பின் வளைபரப்பு π × 40 × 30, சுமார் 3,770 சதுர செ.மீ. என்று வந்திருக்கும். இது தவறு என்பதை மீண்டும் கணக்கிடாமலே அறியலாம். கூம்பின் வாய் வட்டத்தின் பரப்பு 5,026.5 சதுர செ.மீ.; அந்த வட்டத்தைத் தட்டையாக மூடும் தகட்டைவிட, சாய்ந்து சென்று ஓர் உச்சியில் கூடும் தகடு அதிகமாகத்தான் தேவைப்படும். கூம்பின் வளைபரப்பு அடிப்பரப்பைவிடக் குறைவாக வந்தால் h-உம் l-உம் இடம் மாறியிருக்கின்றன என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இதற்கு மறுபுறமாக, கன அளவில் h-க்குப் பதிலாக l-ஐ இட்டால் கூம்பு 50.3 லிட்டருக்குப் பதிலாக 83.8 லிட்டர் கொள்வதாகத் தோன்றும். அந்தப் பிழை இவ்வளவு எளிதில் வெளிப்படாது என்பதால், கூம்பைக் கண்டவுடன் h, l இரண்டையும் பெயரிட்டு எழுதிவிடுவதே பாதுகாப்பு.

தகடு மிக மெல்லியது என்பதால் அதன் உலோகத்தின் கன அளவை, பரப்பு × தடிமன் என்று கொள்ளலாம். 28,903 × 0.2 = 5,781 கன செ.மீ. எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 7.85 கிராம் என்பதால் எடை சுமார் 45,380 கிராம், அதாவது 45.4 கிலோகிராம். தடிமனை 0.2 என்று மாற்றாமல் 2 என்றே இட்டிருந்தால் 454 கிலோகிராம் வந்திருக்கும். மூன்று சதுர மீட்டருக்கும் குறைவான மெல்லிய தகடு அவ்வளவு எடை இருக்க இயலாது என்று பழகியவர்களுக்கு உடனே தெரியும்; பழகாதவர்களுக்கு அலகே துணை. இந்த இடத்தில் அலகுகள் கலந்தே இருந்தாலும் தீங்கில்லாத ஒரு கலவை உண்டு: ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்பது சரியாக ஒரு லிட்டர். 2.89 சதுர மீட்டர் × 2 மி.மீ. = 5.78 லிட்டர் உலோகம்; லிட்டருக்கு 7.85 கிலோகிராம் என்றால் மீண்டும் 45.4. வேறொரு பாதையில் அதே விடை கிடைத்தது. ஆனால் இது எந்த அலகு உருவாகிறது என்பதை அறிந்து செய்த பெருக்கல். தொடக்கத்தில் கண்ட 48,000 அதனை அறியாமல் செய்த பெருக்கல்.

சூத்திரத்தையே சோதிக்கும் முறை

சூத்திரம் நினைவில் தடுமாறும்போது, அதில் எத்தனை நீளங்கள் பெருக்கப்படுகின்றன என்று எண்ணுவது பெரிதும் உதவும். π, 2, ⅓ போன்ற எண்களுக்கு அலகு இல்லை. அவற்றை விட்டுவிட வேண்டும். πr²h-இல் r இரண்டு முறையும் h ஒரு முறையும் இருப்பதால் மூன்று நீளங்கள். ஆகவே அது கன அளவு. 2πrh-இலும் πrl-இலும் இரண்டு நீளங்கள், அவை பரப்பு. 2πrh + 2πr² என்ற கூட்டலில் இரண்டு உறுப்புகளிலும் இரண்டிரண்டு நீளங்கள் இருக்கின்றன. யாரேனும் 2πrh + 2πr என்று எழுதினால், பரப்புடன் நீளத்தைக் கூட்டுகிறார்கள் என்பதால், எண்களை இடுவதற்கு முன்பே அது தவறு என்று கூறிவிடலாம். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு: ⅓-ஐ மறந்தாலும், h-க்குப் பதில் l-ஐ இட்டாலும் நீளங்களின் எண்ணிக்கை மாறாது. அத்தகைய பிழைகளைப் பெட்டிச் சோதனையும் வட்டச் சோதனையும்தான் ஓரளவு பிடிக்க முடியும்.

கூம்புக்குள் நீர் மட்டம் ஏறும்போது

நம் கொள்கலனின் கூம்புப் பகுதி 30 செ.மீ. ஆழத்தில் 50.3 லிட்டர் கொள்கிறது. நீர் அடியிலிருந்து 15 செ.மீ. வரை நிற்கும்போது அதில் பாதி இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் எட்டில் ஒரு பங்கே, சுமார் 6.3 லிட்டரே இருக்கும். ஆழம் பாதியாகும்போது நீர்ப்பரப்பின் ஆரமும் பாதியாகி 20 செ.மீ. ஆகிறது, ⅓ × π × 400 × 15 என்று கணக்கிட்டால் 6,283 கன செ.மீ. வருகிறது. ஆகவே உருளையில் லிட்டர் குறிகளைச் சம இடைவெளியில் இடலாம். கூம்பில் இட முடியாது, அங்கே ஒவ்வொரு ஆழத்துக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும். அலகை மாற்றும்போது நீளத்தின் காரணி மூன்று முறை பெருக்கப்பட்டதற்கும், இங்கே ½ மூன்று முறை பெருக்கப்பட்டு ⅛ ஆவதற்கும் காரணம் ஒன்றே.

இறுதியாக, எத்தனை தசம இடங்கள் எழுதுவது என்பது பற்றி ஒரு சொல். மேற்கண்ட கணக்கில் π-ஐ 9,200π என்பதுபோல் கடைசி வரை எழுத்தாகவே வைத்திருந்தது, இடையிடையே தோராயம் செய்து பிழையைச் சேர்த்துக்கொள்ளாமல் இருக்கத்தான். π-க்கு 22/7 இட்டால் கொள்கலன் 502.86 லிட்டர், 3.1416 இட்டால் 502.66 லிட்டர், வேறுபாடு 0.2 லிட்டர். ஆனால் விட்டத்தை அளக்கும்போது ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 800 மி.மீ. விட்டத்தில் அது 0.125 விழுக்காடு, கன அளவில் ஆரம் இரு முறை பெருக்கப்படுவதால் 0.25 விழுக்காடாகி, ஒன்றேகால் லிட்டர் வேறுபாட்டைத் தருகிறது. சாதாரண அளவுநாடாவால் அளந்த ஒரு கொள்கலனுக்கு 502.655 லிட்டர் என்று விடை எழுதுவது, அளவில் இல்லாத துல்லியத்தை எண்ணில் காட்டுவதாகும். சுமார் 503 லிட்டர் என்பதே அந்த அளவீடு தாங்கக்கூடிய விடை.